போஸ்டரில் இல்லாத கயிறு

என்னை விவாதப் போட்டிக்குள் இழுத்துவிட்டவள் சண்முகப்பிரியா. என் வகுப்புத் தோழி. காய்ச்சல் வந்தால்கூட வகுப்பிலேயே அதிகக் காய்ச்சல் தனக்குத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிற ரகம். கல்லூரிகளுக்கு இடையிலான தமிழ் விவாதப் போட்டி நெய்வேலி டவுன்ஷிப் அரங்கில் நடக்கப்போகிறது என்று நோட்டீஸ் வந்த அன்றே அணியில் என் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் கேட்டாள். முதல் பேச்சாளர் பிரவின்குமார், இரண்டாவது அவள், மூன்றாவது நான்.

தலைப்பு: செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் கலைக்கு எப்போதும் அடையாளமிட வேண்டும். எந்த அணி எந்தப் பக்கம் என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவானது. எங்களுக்கு 'வேண்டும்' வந்தது.

"அல்வா மாதிரி தலைப்புடி. நம்மகிட்ட நெஜமான ஆர்ட்டிஸ்ட்டே இருக்கா" என்றாள் சண்முகப்பிரியா.

அவள் சொன்ன ஆர்ட்டிஸ்ட் நான்தான்.

விஷயம் இதுதான். மூன்று மாதம் முன்பு சுரங்கப் பாதுகாப்பு வாரத்துக்காக, தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு போஸ்டர் போட்டி வைத்தார்கள். கான்ட்ராக்ட் ஆட்களின் பிள்ளைகளும் கலந்துகொள்ளலாம் என்று அந்த முறைதான் சேர்த்திருந்தார்கள். அத்தா அந்த நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அத்தா ஹபீப் முகமது, பத்தொன்பது வருடமாகச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட். ஓடுகிற கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் பழுப்பு நிலக்கரியை மண்வெட்டியால் வாரி ஒதுக்குகிற வேலை. "நீதான் நல்லா வரைவியே" என்றார். நான் நன்றாக வரைந்தது ஏழாம் வகுப்பில். அதுவும் ஒரு மாம்பழம்.

கடைசி நாள் சாயங்காலம்வரை நான் பென்சிலைத் தொடவில்லை. டிஜிட்டல் படமும் அனுப்பலாம் என்று நோட்டீஸில் இருந்தது. போனில் ஓர் இலவச ஆப்பைத் திறந்தேன். சுரங்கத் தொழிலாளி, மஞ்சள் ஹெல்மெட், பின்னால் கன்வேயர் பெல்ட், பெருமிதமான முகம், எண்ணெய் ஓவியம் மாதிரி என்று ஆங்கிலத்தில் ஒரு வரி தட்டினேன். டீ ஆறுவதற்குள் நாலு படம் வந்தது. மூன்றாவதை எடுத்தேன். வலது கீழ் மூலையில் ஒரு சின்ன முத்திரை இருந்தது; அது ஏஐ செய்தது என்பதற்கான குறி. அந்த ஓரத்தை வெட்டினேன். 'வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்' என்று மேலே எழுதி, பிரிண்ட் போடும் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அந்தப் பிரிண்டைப் போட்டிக்குக் கொடுத்துவிட்டேன். இதை வரைந்தது யார், எது என்று நோட்டீஸில் எங்கேயும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

முதல் பரிசு வந்துவிட்டது.

பரிசாகக் கொடுத்த ஹாட்பாக்ஸ் செட்டை அம்மா இன்னும் அட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை, ஷோகேஸில் பெட்டியோடு நிற்கிறது. போஸ்டரைப் பெரிய ஃபிளெக்ஸாக அடித்து, பரிசளிப்பு நடந்த டவுன்ஷிப் அரங்கின் வாசலில் நிறுத்தினார்கள். அத்தா அதன் முன்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"இது நானா ஹுமா?"

அந்த ஆளுக்கும் அத்தாவுக்கும் மீசையைத் தவிர ஒற்றுமை எதுவும் இல்லை. ஆனால் அவர் கேட்ட விதத்தில் 'இல்லை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஆமாத்தா. நீங்கதான்."

அந்த இரண்டு சொல்தான் நான் சொன்ன பொய். அதற்கு முன்னால் செய்ததெல்லாம் சோம்பேறித்தனம்.

அன்றிலிருந்து மந்தாரக்குப்பத்தில் எங்கள் தெருவில் கறிக்கடை, டீக்கடை, பள்ளிவாசல் வாசல் என எல்லா இடத்திலும் ஒரே பேச்சுத்தான். "எம் பொண்ணு என்னய வரஞ்சிக்கிறா." போதாததற்கு எனக்கு ஒரு வாட்டர் கலர் டப்பாவும் வாங்கிக்கொண்டு வந்தார். நான் அதைத் திறக்கவில்லை; அம்மாவின் ஹாட்பாக்ஸுக்குத் துணையாக அதுவும் மூடியே கிடந்தது.

ஒரு வாரம் கழித்து, சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டே சொன்னார்.

"படத்துல புல் கார்டு இல்லம்மா."

"அப்டின்னா?"

"பெல்ட்டு ஓரமா இடுப்பு ஒசரத்துல ஒரு கயிறு ஓடிகினே இருக்கும். யாராச்சும் மாட்டிகினா அதப் புடிச்சி இழுத்தா பெல்ட்டு நின்னுடும். அது இல்லாம எந்த பெல்ட்டும் ஓடாது. ஃபோர்மேன் கேட்டாரு, சேஃப்டி போஸ்டர்ல புல் கார்டே இல்லயே ஹபீபுன்னு." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "எம் மேலதான் தப்பு சார்னு சொல்லிட்டேன். இத்தன வருஷத்துல வூட்டுல நான் அதப் பத்திச் சொன்னதே இல்ல. புள்ள எப்படி வரையும்?"

அதற்கப்புறம் தினமும் சொல்ல ஆரம்பித்தார். கயிறு என்ன நிறம், எத்தனை அடிக்கு ஒரு கொக்கி, இழுத்தால் எந்தப் பக்கத்து ஸ்விட்ச் விழும். அடுத்த வருடம் நான் சரியாக வரைய வேண்டுமாம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெல்ட்டை வரைந்தும் காட்டினார். நான் தலையாட்டிக்கொண்டே சோற்றைப் பிசைந்தேன். அந்தப் பத்து நிமிடம் தினமும் எனக்குத் தூக்குமேடை.

இந்த லட்சணத்தில்தான் நான் ஏஐ கலைக்கு அடையாளமிட வேண்டும் என்று மறுப்புரை எழுத உட்கார்ந்தேன்.

மறுப்புரை என்பது மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற பேச்சு இல்லை. எதிரணி என்ன சொல்லும் என்று முன்கூட்டியே யோசித்து, அவர்கள் வாதத்தை அவர்களைவிட நன்றாக நாமே சொல்லிப் பார்த்து, அதற்குப் பதில் தேட வேண்டும். தாளை நடுவில் கோடு போட்டுப் பிரிப்பேன். இடப்பக்கம் அவர்கள் வாதம், வலப்பக்கம் சிவப்பு மையில் என் பதில். மூன்றாவது பேச்சாளருக்கு நாலு நிமிடம். மூன்றாவது நிமிடத்தில் ஒரு மணி, நாலாவதில் இரண்டு மணி. புது வாதம் எதையும் கொண்டுவரக் கூடாது; வந்த வாதத்துக்குப் பதிலாகப் புது உதாரணம் சொல்லலாம்.

தலைப்பில் எங்களுக்கு ஆபத்தான சொல் 'எப்போதும்'. ஒரே ஒரு விதிவிலக்கை அவர்கள் நிரூபித்தால் போதும், நாங்கள் காலி. போட்டோவின் வெளிச்சத்தை ஏஐ கூட்டினால் அதற்கும் அடையாளமா என்று கேட்பார்கள். அதனால் பிரவின்குமார் வரையறையிலேயே கோட்டைக் கிழித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். உருவத்தையும் முகத்தையும் தீர்மானித்தது எது என்பதுதான் அளவு. தூசி தட்டுவது உருவாக்குவது ஆகாது.

அடுத்தது, அடையாளம் நிற்காது என்ற வாதம். அதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஏஐ படங்கள் பலவற்றுக்கு உள்ளேயே, கண்ணுக்குத் தெரியாமல், பிறப்புச் சான்றிதழ் மாதிரி ஒரு பதிவு இருக்கும். எதனால் எப்போது உருவானது என்று. அதைப் படித்துக் காட்டுகிற இணையதளங்கள் இருக்கின்றன. என் போனில் இருந்த ஏஐ படம் ஒன்றே ஒன்றுதான். மூலை வெட்டாத அந்த மூலப் படத்தைப் போட்டேன். 'செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டது' என்று தேதி, நேரத்தோடு வந்தது. பிரிண்ட் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் திருப்பி அனுப்பிய பிரதியைப் போட்டேன். எந்தத் தகவலும் இல்லை என்றது. வாட்ஸ்அப் வழியாகப் போனதில் பதிவு உதிர்ந்துவிட்டது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் இதே கதிதான்.

அருமையான ஆதாரம். மேடையில் காட்டினால் நடுவர்கள் அசந்துபோவார்கள். காட்டவும் முடியாது. பதிவு உதிர்வதை மட்டும் சண்முகப்பிரியாவிடம் சொன்னேன்.

"அதான் பாயிண்ட்டு" என்றாள் சண்முகப்பிரியா, வேறு எதுவும் தெரியாமல். "உள்ள இருக்குற பதிவு உதிர்ந்துடுது. ஏஐயான்னு கண்டுபிடிக்கிற கருவியும் தப்புத் தப்பாச் சொல்லுது, கையால வரைஞ்சதக்கூட ஏஐங்குது. அதனால கண்ணுக்குத் தெரியற மாதிரி, செஞ்சவங்களே எழுதணும். முடிக்கறப்ப நீ உன் போஸ்டரச் சொல்ற. 'ஓர் ஓவியராகச் சொல்கிறேன்'னு ஆரம்பி. நாள் கணக்கா உக்காந்து எங்கத்தா முகத்த வரைஞ்சேன், பதினஞ்சு செகண்ட்ல வர்ற படத்துக்குப் பக்கத்துல அது அடையாளமில்லாம நின்னா என் உழைப்புக்கு என்ன மதிப்புன்னு கேளு. அழுகை வந்தா அழு."

அவளே அந்த வரியை என் தாளில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டாள்.

எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். பெயர் கொடுத்த பிறகு ஆளை மாற்ற முடியாதாம், அணியே வெளியே போய்விடுமாம். வரியை மட்டும் எடுத்துவிடலாமா என்றேன். "பைத்தியமா உனக்கு?" என்றாள். வீட்டுக்குப் போனால் அத்தா ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். "வெள்ளிக்கிழம நானும் வரேன். நீ பேசி நான் கேட்டதே இல்ல." சட்டையை அம்மா அப்போதே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எந்தக் கதவைத் தள்ளினாலும் அந்தப் பக்கம் யாரோ சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை அரங்க வாசலில் அந்த ஃபிளெக்ஸ் இன்னும் நின்றிருந்தது. பாதுகாப்பு வாரம் முடிந்து மூன்று மாதமாகியும் யாரும் கழற்றவில்லை. அத்தா அதன் பக்கத்தில் நின்று, போகிற வருகிற மாணவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து நாலாவது வரிசையில் உட்கார்ந்தார்.

எதிரணியின் மூன்றாவது பேச்சாளர் தமிழ்நிலா, விருத்தாசலம் பக்கத்துக் கல்லூரி. குரலை உயர்த்தாமல் பேசுகிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் பயம். அவள் அப்படித்தான் பேசினாள். கேமரா வந்தபோது 'இது கேமரா எடுத்தது' என்று யாரும் சீட்டு ஒட்டவில்லை என்றாள். ஒரே படத்தை ஏஐ என்று சொல்லிக் காட்டினால் மக்கள் மட்டமாக மதிப்பிடுகிறார்கள், ஆக அடையாளம் என்பது தகவல் இல்லை, முத்திரை குத்துவது என்றாள். பொய்யன் அடையாளமிட மாட்டான், நேர்மையானவன் மட்டும் தண்டனை அனுபவிப்பான் என்றாள். இரண்டாயிரத்து இருபத்தைந்தில் வந்த மத்திய அரசின் வரைவு விதியில், காட்சியின் பத்தில் ஒரு பங்கு இடத்தை அடையாளத்துக்கே ஒதுக்கச் சொன்னார்களே, அப்படிப் போட்டால் படம் எங்கே இருக்கும் என்று கேட்டு அரங்கத்தைச் சிரிக்க வைத்தாள். நான் தாளின் இடப்பக்கத்தில் வேகமாக எழுதிக்கொண்டே இருந்தேன்.

கடைசியாக அவள் கதவுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"நுழையும்போது ஒரு போஸ்டர் பார்த்தேன். ஒரு தொழிலாளியின் முகம். வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறது. எனக்குக் கண் கலங்கியது. அதை யார் வரைந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஒரு பேச்சுக்கு அது ஏஐ செய்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் செய்தி பொய்யாகிவிடுமா? அடையாளம் இல்லாததால் காயப்பட்ட ஒரே ஒரு மனிதரை இந்த அணி காட்டட்டும். ஒரே ஒருவர் போதும்."

கைதட்டல் வந்தது. நாலாவது வரிசையில் அத்தா நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். சண்முகப்பிரியா மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். "வசமா வந்து மாட்னா. போ, முடிச்சிடு."

மைக் முன்னால் போய் நின்றேன். ஆரம்பம் தடையில்லாமல் வந்தது.

"எதிரணியினர் நாலு வாதம் சொன்னார்கள். கேமராவில் ஆரம்பிக்கிறேன். போட்டோவைப் பார்க்கிற யாரும் அது கையால் வரைந்தது என்று நினைப்பதில்லை. அதனால் சீட்டு தேவைப்படவில்லை. ஏஐ படம் ஓவியம் மாதிரியே இருக்கிறது, அதனால் தேவைப்படுகிறது. இரண்டாவது, தெரிந்தால் மதிப்புக் குறைகிறது என்றார்கள். தெரிந்ததும் என் தீர்ப்பு மாறுகிறதென்றால், எனக்குத் தெரிய வேண்டிய ஒன்றை நீங்கள் மறைத்திருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். மூன்றாவது, பொய்யன் எழுத மாட்டான். உண்மைதான். டிக்கெட் எடுக்காமலும் சிலர் பஸ் ஏறுகிறார்கள், அதற்காக டிக்கெட்டை யாரும் ஒழிக்கவில்லை. எழுத வேண்டும் என்று விதி இருந்தால்தான், எழுதாதவனைப் பிடித்து ஏன் என்று கேட்க முடியும். நாலாவது, பத்தில் ஒரு பங்கு இடம். அடையாளத்தின் அளவைப் பற்றி வாதாடலாம், நான் தயார். ஆனால் அது அடையாளமே வேண்டாம் என்பதற்கான வாதம் இல்லை."

முதல் மணி அடித்தது. ஒரு நிமிடம் இருக்கிறது. தாளில் சண்முகப்பிரியா இரண்டு கோடு போட்ட வரி. 'ஓர் ஓவியராகச் சொல்கிறேன்.' அதைப் படித்துவிட்டு இறங்கினால் கோப்பை எங்களுக்கு. அத்தா எழுந்து நின்றே கைதட்டுவார். நாளைக்கும் இரவுச் சாப்பாட்டின்போது காலண்டர் தாளை எடுத்துக்கொண்டு வருவார்.

எனக்கு அவமானத்தைவிடக் கோபம்தான் வந்தது, என்மேலேயே. இந்த மூன்று மாதத்தில் நான் செய்த ஒரே வேலை ஒளிந்துகொண்டது.

"காயப்பட்ட ஒருவரைக் காட்டச் சொன்னார்கள்" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "வாசலில் இருக்கிற போஸ்டர் என் பெயரில் பரிசு வாங்கியது. நான் வரையவில்லை. ஏஐ செய்தது. மூலையில் இருந்த குறியை நான்தான் வெட்டினேன்."

கையில் இருந்த தாளை நாலாக மடித்தேன்.

"அந்தப் படத்தில் பெல்ட்டை நிறுத்துகிற கயிறு இல்லை. அதைச் செய்த ஏஐக்கு அப்படி ஒரு கயிறு இருப்பதே தெரியாது, எனக்கும் தெரியாது. அடியில் ஏஐ என்று ஒரு வரி இருந்திருந்தால், இது சுரங்கம் தெரியாத ஒன்று செய்தது, சரிபார்க்க வேண்டும் என்று யாராவது யோசித்திருப்பார்கள். தொழிலாளியின் மகள் வரைந்தது என்று நம்பியதால் யாரும் சரிபார்க்கவில்லை. பிறகு ஃபோர்மேன் ஒருவர்தான் கவனித்து என் அத்தாவிடம் கேட்டார். அத்தா என்னைச் சந்தேகப்படவில்லை, போஸ்டரைச் சந்தேகப்படவில்லை. பிள்ளைக்குச் சொல்லித் தராதது தன் தப்பு என்று ஃபோர்மேனிடம் சொன்னார். அந்த முகம் தன்னுடையது, மகள் தன்னை உட்கார்ந்து பார்த்து வரைந்திருக்கிறாள் என்று மூன்று மாதமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த முகம் யாருடையதும் இல்லை. அதற்காக நான் அவர் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கேட்டீர்களே, அந்த ஒருவர் அவர்தான்."

இரண்டாவது மணி அடித்தது. நாலாவது வரிசையைப் பார்த்தேன். அத்தா தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, வரிசையில் இருந்தவர்களின் கால்களைத் தாண்டி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வெளியே போனார்.

முடிவு அறிவிக்கும்வரை நான் உள்ளே இருக்கவில்லை. இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில் நாங்கள் ஜெயித்தோம் என்று சண்முகப்பிரியா பிறகு மெசேஜ் அனுப்பினாள். அதற்கப்புறம் இன்றுவரை என்னோடு பேசவில்லை.

அத்தா ஃபிளெக்ஸின் முன்னால் நின்றிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். வெயில் சுளீரென்று அடித்தது. அவர் திரும்பவில்லை.

"அப்ப இது யாரு?" என்றார்.

"யாருமில்லத்தா."

"யாருமே இல்லயா?"

"இல்ல."

அந்த மீசைக்காரனை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் கேட்டப்ப சொல்லிருக்கலாம்" என்றார். "ஒண்ணும் சொல்லிருக்க மாட்டேன்."

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. தேற்றியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன். பரிசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நடந்ததை எழுதியும் கொடுத்துவிடுகிறேன் என்றேன். "கொடு" என்றார். "அம்மாகிட்ட நீயே சொல்லு."

பிறகு என் பையைக் காட்டினார். "பெரிய பேனா வச்சிருக்கியா?"

சார்ட் எழுத வைத்திருந்த சிவப்பு மார்க்கரை எடுத்தேன்.

"எழுது."

படத்தின் அடியில், குறி இருந்து நான் வெட்டியெறிந்த அதே மூலையில் எழுதினேன். 'இந்தப் படத்தைச் செய்தது ஏஐ.' அத்தா எழுத்துக்கூட்டி ஒரு தடவை படித்தார். மார்க்கரை என் கையிலிருந்து வாங்கினார். பெல்ட்டின் ஓரமாக, அந்த ஆளின் இடுப்பு உயரத்தைக் கையால் அளந்து பார்த்துவிட்டு, ஃபிளெக்ஸின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே கோடாக இழுத்தார். நடுவில் ஃபிளெக்ஸ் சுருங்கியிருந்த இடத்தில் கோடு கொஞ்சம் வளைந்தது. சரியான தூரத்தில் கொக்கிகள் போட்டார். எண்ணியெண்ணிப் போட்டார்.

முடித்துவிட்டு மார்க்கரை என்னிடம் நீட்டினார். இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கயிறு யாரு போட்டதுன்னும் எழுது" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இடது புருவத்துக்கு மேலே ஒரு சின்ன வெட்டுத்தழும்பு இருந்தது. அதுவரை எனக்கு அது தெரியாது. முதல் வரிக்குக் கீழே எழுதினேன்: 'கயிறு மட்டும் ஹபீப் முகமது வரைந்தது.'